தீப்பெட்டியின் கணக்கு வாசலோடு முடிகிறதா?

எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்து மாணவர்கள் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுக்குப் பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்துத் தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. எதிரே போட்டிக்கு நிறுத்தவும் ஒரு பொருள் உண்டு: ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று 2022-இல் தமிழக முதல்வர் மத்திய அரசுக்கு எழுதினார். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதி 2023-இல் தடை செய்யப்பட்டது. இந்த இரண்டையும் ஒப்பிடும்போதுதான் எல்லை வகுப்பதில் உள்ள தவறான நம்பிக்கைகள் வெளியே வருகின்றன.

நம்பிக்கை: “தொட்டில் முதல் வாசல் வரை என்றால் நம் ஆலைக்குள் நடப்பது மட்டும்.”

அது வாசல் முதல் வாசல் வரையிலான கணக்கு. தொட்டில் என்பது மரம் வெட்டும் இடத்திலும் சுரங்கத்திலும் இருக்கிறது. குச்சிமுனை மருந்தில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரேட். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் அதன் தயாரிப்பு தொடங்குகிறது. அந்த மின்சாரம் எட்டயபுரத்து மீட்டரில் ஏறாது, ஆனால் கணக்கில் ஏறியே ஆக வேண்டும். மீட்டர் பில்லை மட்டும் வைத்து எழுதிய ஒப்படைப்பை அடையாளம் காண்பது எளிது: அதில் மருந்து ஒரு எடையாக மட்டும் நிற்கும், அதற்குப் பின்னால் எந்தச் சுமையும் இருக்காது.

நம்பிக்கை: “இரண்டுக்கும் வாசலிலேயே கோடு போட்டால் ஒப்பீடு நியாயமாகிவிடும்.”

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பெட்டிக்கு 40 குச்சி என்று வைத்துக்கொண்டால் 20 பெட்டிக்கு 800 குச்சி. குச்சிக்கு 0.07 கிராம் மரம் என்றால் மொத்தம் 56 கிராம். உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன், அதாவது 28 கிராம். மரம் வளர்ந்தபோது இதற்காகக் காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 103 கிராம். லைட்டரில் 4 கிராம் பியூட்டேன் என்று கொள்வோம். அது எரிந்தால் சுமார் 12 கிராம் வெளிவரும்.

இப்போது வாசலில் கோடு போடுங்கள். மரம் எடுத்த 103 கிராம் வரவாக உள்ளே வந்துவிடுகிறது. அதே குச்சி அடுப்படியில் எரிந்து அதைத் திருப்பிக் கொடுப்பது கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. லைட்டரின் 12 கிராமும் வெளியேதான். தீப்பெட்டிக்கு 103 கிராம் சாதகம் போலத் தெரிகிறது. சுடுகாடு வரை நீட்டினால் மரத்தின் வரவும் செலவும் சரிக்குச் சரியாகி, மிஞ்சுவது அந்த 12 கிராம்தான். அதிலும் குச்சி தோய்ந்த பாரஃபின் மெழுகு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒரு கிராம் எரிந்தால் மூன்று கிராமுக்கு மேல் வாயு. இயற்கைப் பொருளுக்கு வாசல் கணக்கில் எதிர்மறை எண் வந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் சோதிக்க வேண்டும். இதனால்தான் ஐஎஸ்ஓ 14067 உயிர்வழிக் கார்பனைத் தனியாகக் காட்டச் சொல்கிறது.

அப்படியானால் வாசல் கணக்கு அரைகுறை வேலையா? இல்லை. ஒரே அளவுக் குச்சியைக் கையால் அடுக்கிய ஆலையையும் எந்திரம் வைத்த ஆலையையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால், வாசலுக்குப் பிறகு இரண்டும் ஒன்றுதான். அங்கே நிறுத்துவது சரி. அப்போது அலகை ‘600 பெட்டி கொண்ட ஒரு பண்டல்’ என்று அறிவித்தால் போதும். லைட்டரோடு ஒப்பிடும்போது மட்டும் அலகு ‘800 முறை தீ மூட்டுவது’ என்று செயலைச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: “சுடுகாடு வரை போனால் எல்லாம் அடங்கிவிடும், எண்ணும் துல்லியமாகும்.”

நீளும் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஊகத்தைக் கொண்டுவருகிறது. ஐப்பசி ஈரத்தில் நாலில் ஒரு குச்சி பற்றாமல் போனால் 800 குச்சி 600 முறைதான் தீ தரும். 800 முறைக்கு 1,067 குச்சி வேண்டும். மருந்து, மெழுகு, அட்டை எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடும், 12 கிராம் இடைவெளி அதில் கரைந்துவிடலாம். ஆகவே பற்றாத குச்சியின் விகிதத்தை மாற்றி மாற்றிப் போட்டு, முடிவு எந்த இடத்தில் புரள்கிறது என்று காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கரிசல் காட்டில் வீசிய லைட்டர் கூடு மண்ணில் சும்மா கிடக்கும்வரை பருவநிலைக் கணக்கில் அது கிட்டத்தட்ட சுழியம். வழக்கமான தாக்க வகைகளில் தெருவில் சிதறும் பிளாஸ்டிக்குக்கு இடமே இல்லை. தீப்பெட்டிக்காரர்கள் லைட்டர் மேல் சொல்லும் முக்கியக் குற்றச்சாட்டோ அதுதான். எனவே எண்ணுக்குப் பக்கத்தில் இந்த விடுபடலையும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஒப்பீட்டை வெளியே அறிவிக்கப் போகிறீர்கள் என்றால், ஐஎஸ்ஓ 14044 இரு பொருளுக்கும் ஒரே எல்லையையும் சம்பந்தப்பட்ட தரப்பினர் அடங்கிய ஆய்வுக் குழுவின் பரிசீலனையையும் கேட்கும்.