மாதத் தொடக்கத்து வாடகை: கணக்கில் வழுக்கும் இடங்கள்

கடை ஒன்றின் மாத வாடகை ரூ.20,000. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் 12 மாதத்துக்கு. கையெழுத்துப் போடும் நாளில் உரிமையாளர் சொல்கிறார்: “மொத்தமாக இன்றே ரூ.2,26,500 கொடுத்துவிடுங்கள், வருஷம் முழுக்க வாடகை கேட்க மாட்டேன்.” கடைக்காரரின் பணம் வங்கி ஓவர்டிராஃப்டிலிருந்து வருகிறது, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம். ஒப்புக்கொள்ளலாமா?

“மாதத் தொடக்கமோ மாதக் கடைசியோ, மொத்தம் ரூ.2,40,000தானே?”

கூட்டுத்தொகை ஒன்றுதான், இன்றைய மதிப்பு ஒன்றல்ல. மாதக் கடைசியில் கொடுப்பதை ஆர்டினரி அன்யுட்டி என்பார்கள். அந்த முறையில் 12 வாடகைகளையும் மாதம் 1 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் ரூ.2,25,102 வரும். மாதத் தொடக்கத்தில் கொடுப்பது அன்யுட்டி டியூ. அதில் ஒவ்வொரு வாடகையும் ஒரு மாதம் முன்னதாகவே கையை விட்டுப் போகிறது, அதனால் ஒவ்வொன்றின் மதிப்பும் 1 சதவீதம் கூடுகிறது. முந்தைய தொகையை 1.01ஆல் பெருக்கினால் ரூ.2,27,353.

இரண்டுக்கும் வித்தியாசம் ரூ.2,251. சின்னத் தொகைதான். ஆனால் உரிமையாளர் கேட்கும் 2,26,500 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. மாதக் கடைசிக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் “விலை அதிகம்” என்று மறுத்துவிடுவார். சரியான கணக்கில் அவருக்கு ரூ.853 லாபம்.

“முன்கூட்டிக் கொடுப்பதால் ஒரு வாடகை கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.”

நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்கள்கூட இங்கே சறுக்குவார்கள். முதல் வாடகை இன்றே போகிறது, அதற்குத் தள்ளுபடி இல்லை, இதுவரை சரி. பிறகு அந்த 20,000-ஐ, 12 மாதத்து ஆர்டினரி மதிப்பான 2,25,102 உடன் கூட்டிவிடுகிறார்கள். விடை ரூ.2,45,102. அதில் 13 வாடகைகள் நுழைந்துவிட்டன. இன்று ஒன்று போனால் மிச்சம் 11தான். அந்த 11 வாடகைகளின் மதிப்பு ரூ.2,07,353. அதனுடன் 20,000 சேர்ந்தால் மறுபடி அதே 2,27,353.

தப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய சோதனை வேண்டாம். வட்டி இருக்கும்வரை இன்றைய மதிப்பு வெறும் கூட்டுத்தொகையைத் தாண்டவே முடியாது. 2,40,000-க்கு மேல் விடை வந்தால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடலாம். 1.01-க்குப் பதில் ஆண்டு வட்டியை வைத்து 1.12ஆல் பெருக்குகிறவர்களும் இதே சோதனையில் மாட்டிக்கொள்வார்கள்: அவர்களுக்கு 2,52,000-க்கு மேல் வரும். பெருக்க வேண்டியது ஒரு தவணைக் காலத்தின் வட்டியால். வாடகை மாதாமாதம் என்றால் மாத வட்டி.

“எக்செல் பார்த்துக்கொள்ளும்.”

எக்செலிடம் நாம் சொல்லாவிட்டால், தவணை மாதக் கடைசியில் என்றே அது எடுத்துக்கொள்ளும். கடைசியில் வரும் 1 என்ற எண்தான் மாதத் தொடக்கம் என்று அதற்குச் சொல்கிறது.

```
=PV(1%,12,-20000)       225101.55
=PV(1%,12,-20000,0,1)   227352.57
```

அந்த 1-ஐ மட்டும் விட்டுவிட்டால் 1-க்கு முன்னால் இருக்கும் 0 காப்பாற்றாது. அது கடைசியில் கைக்கு வரும் தொகைக்கான இடம்.

“ஓவர்டிராஃப்ட் வைத்திருப்பவருக்குத்தான் மொத்தமாகக் கொடுப்பது லாபம்.”

நேர்மாறு. பணம் 3 சதவீத சேமிப்புக் கணக்கில் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டியில் அதே 12 வாடகைகளின் மதிப்பு ரூ.2,36,735, உரிமையாளர் கேட்பதைவிடப் பத்தாயிரத்துக்கும் மேல் அதிகம். மொத்தமாகக் கொடுக்க இவருக்குத்தான் வலுவான காரணம் இருக்கிறது. ஓவர்டிராஃப்ட் வட்டி 14 சதவீதமாக இருந்தாலோ மதிப்பு ரூ.2,25,348 ஆகக் குறைகிறது, மறுப்பதே சரி. நடுவே திருப்புமுனை ஏறக்குறைய 12.8 சதவீதத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கு வட்டியை மட்டுமே பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறாம் மாதமே கடையைக் காலி செய்ய நேர்ந்தால் மிச்சப் பணம் திரும்ப வருமா என்பது ரூ.853-ஐவிடப் பெரிய கேள்வி. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் மொத்தமாகக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

“வாடகை என்றாலே முன்கூட்டிக் கொடுப்பதுதான்.”

பத்திரத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். “ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள்” என்று இருந்தால் அந்த மாத வாடகை, கிட்டத்தட்ட முன்பணம். “அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள்” என்று இருந்தால் போன மாத வாடகையைத்தான் இப்போது கொடுக்கிறார்கள். அட்வான்ஸ் என்ற பெயரில் முதல் நாளே பெரிய தொகை கொடுத்திருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. அந்த அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்ப வர வேண்டிய பணம், வாடகையே அல்ல. பத்திரத்தில் “அடுத்த மாதம்” என்று இருந்தால் நம் கடைக்காரருக்கு உரிய மதிப்பு ரூ.2,25,102-ஐயும் தாண்டாது. அப்போது ரூ.2,26,500 கேட்கும் உரிமையாளரிடம் குறைந்தது 1,400 ரூபாயாவது குறைத்துப் பேச வேண்டும்.