துபாய் ஆஸ்பத்திரிக்கு எழுதும் பிசியோ பிள்ளைகளுக்கு

1. முதல் வரியிலேயே லைசென்ஸ் நிலையைச் சொல்லிவிடுங்கள். துபாய் ஆஸ்பத்திரி நிர்வாகி உங்கள் மெயிலை வாசிக்கும்போது அவர் மனசில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த ஆளை எப்போது பேஷன்ட் முன்னால் நிறுத்தலாம்? டி.எச்.ஏ. பரீட்சை தேறி, டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் முடிந்தால் கைக்கு வருவது எலிஜிபிலிட்டி கடிதம். அது ஒரு வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரையும் தொட்டு வைத்தியம் பண்ண முடியாது. உங்களை எடுக்கும் ஆஸ்பத்திரி தன் பெயரில் பதிந்து உயிர் கொடுத்த பிறகுதான் அது லைசென்ஸ். கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு ‘டி.எச்.ஏ. லைசென்ஸ் இருக்கிறது’ என்று எழுதினால், ஏற்கெனவே அங்கே வேறு இடத்தில் வேலை பார்ப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். விவரம் தெரிந்ததும் மெயில் மூடப்படும். ‘எலிஜிபிலிட்டி கடிதம் உண்டு, இந்தத் தேதி வரை செல்லும்’ என்றே எழுதுங்கள்.

ஐ.ஏ.பி. உறுப்பினர் எண்ணை லைசென்ஸ் என்ற தலைப்பில் போடாதீர்கள். அது சங்கச் சந்தாவுக்கான எண்.

2. எந்த ஊருக்கு எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். துபாய்க்கு டி.எச்.ஏ.; அபுதாபிக்கு டி.ஓ.எச். (2018 வரை ஹாட் என்ற பெயரில் இருந்தது, சீனியர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்). ஷார்ஜா, அஜ்மான் பக்கம் சுகாதார அமைச்சகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வழி உண்டு, ஆனால் அது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ஒரே மெயிலை மூன்று ஊருக்கும் தட்டிவிடுகிறவர்களை நிர்வாகிகள் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்கள்.

3. அனுபவக் கணக்கில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். மதுரைப் பக்கத்துத் தங்கை ஒருத்தி ‘4 வருஷம்’ என்று எழுதிக் காட்டினாள். பிரித்துப் பார்த்தோம். எலும்பு ஆஸ்பத்திரியில் 2022 மார்ச் 1 முதல் 2025 மே 31 வரை, அதாவது 3 வருஷம் 3 மாதம். மீதி, 6 மாதம் இன்டர்ன்ஷிப்பும் 3 மாதம் வீட்டுக்குப் போய்ப் பார்த்த கேஸ்களும். இன்டர்ன்ஷிப் படிப்பில் சேர்ந்தது, அனுபவத்தில் வராது. வீட்டு கேஸ்களுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆளில்லை. டேட்டாஃப்ளோக்காரர்கள் பழைய ஆஸ்பத்திரியையே நேராகக் கேட்பார்கள். அங்கிருந்து 3 வருஷம் 3 மாதம் என்றுதான் பதில் போகும். அந்த 9 மாத வித்தியாசம் நிர்வாகி கண்ணுக்குப் பொய்யாகத்தான் தெரியும். அனுபவச் சான்றிதழை எதிரில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள தேதிகளையும் பதவிப் பெயரையும் மாற்றாமல் எழுதுங்கள்.

4. ‘எல்லா கேஸும் பார்ப்பேன்’ என்பவரை எந்தப் பிரிவில் போடுவது? அந்தத் தங்கையின் மெயிலில் இப்படி மாற்றினோம்: முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களை மறுநாளே வாக்கரில் நடக்க வைப்பது முதல் வீடு திரும்பும் வரை, காலையில் வார்டு, மாலையில் ஓ.பி. இதிலிருந்தே எலும்புப் பிரிவுக்கு ஏற்றவள் என்று தெரிந்துவிடும். ஐ.சி.யு.வில் நெஞ்சுச் சளி எடுக்கும் சிகிச்சை அவள் செய்ததில்லை, அதனால் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்டர்வியூவில் முதலில் நோண்டுவது அதைத்தான்.

5. ஆணா பெண்ணா என்று போடுங்கள். பெண் நோயாளிகளுக்காகப் பெண் பிசியோதான் வேண்டும் என்று தேடும் இடங்கள் அங்கே நிறைய. நம் பெயரைப் பார்த்து அவர்களுக்கு அது பிடிபடாது. இந்தி, மலையாளம், அரபி எது பேசினாலும் சொல்லிவிடுங்கள்.

6. முடிவில் அந்தத் தங்கையின் மெயில் இப்படி நின்றது (அனுப்பியது இங்கிலீஷில்):

தலைப்பு: பெண் பிசியோதெரபிஸ்ட், டி.எச்.ஏ. எலிஜிபிலிட்டி 2026 ஜனவரி வரை, எலும்புப் பிரிவு 3 வருஷம்

‘வணக்கம். உங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் இடம் காலியாக உள்ளதா என்று அறிய எழுதுகிறேன். என் டி.எச்.ஏ. எலிஜிபிலிட்டி 2026 ஜனவரி வரை செல்லும், டேட்டாஃப்ளோ முடிந்துவிட்டது. பி.பி.டி. முடித்து, 150 படுக்கை எலும்பு ஆஸ்பத்திரியில் 2022 மார்ச் முதல் 2025 மே வரை, பெரும்பாலும் மூட்டு மாற்று நோயாளிகளுடன் வேலை பார்த்தேன். முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களை மறுநாளே வாக்கரில் நடக்க வைப்பது முதல் வீடு திரும்பும் வரை கவனித்தேன்; காலையில் வார்டு, மாலையில் ஓ.பி. தமிழ், இங்கிலீஷ், இந்தி பேசுவேன். விசா வந்த இரண்டு வாரத்தில் சேர முடியும். பயோடேட்டாவும் எலிஜிபிலிட்டி கடிதமும் இணைத்துள்ளேன்.’

நிர்வாகி இதை அப்படியே பிசியோ தலைவருக்குத் தள்ளிவிடுவார். அவர் போனில்தான் பார்ப்பார், இணைப்பைத் திறக்க மாட்டார். அதனால்தான் முக்கியமானதெல்லாம் மெயிலுக்குள்ளேயே இருக்கிறது. பாஸ்போர்ட், மார்க்‌ஷீட் எல்லாம் அவர்கள் கேட்ட பிறகு கொடுத்தால் போதும்.

7. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே மெயிலின் கீழேயே ஒரு வரி எழுதுங்கள். எலிஜிபிலிட்டி முடிய மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால், புதுப்பிக்க ஏற்பாடு செய்திருப்பதையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.