அரிசி கேளுங்கள், ஆளைக் காட்டாதீர்கள்

துபாயில் தொழிலாளர் சமையற்கூடத்துக்கு அரிசி கேட்டு எழுதும் வாசகங்களில் அதிகம் சேதம் செய்யும் பிழை ஒன்று உண்டு. அரிசியைக் கேட்க வேண்டிய இடத்தில் ஆளின் நிலையைச் சொல்வதுதான் அது. ‘பசியால் வாடும் ஏழைத் தொழிலாளிக்கு உதவுங்கள்’ என்று எழுதி, தட்டேந்தி நிற்பவரின் படத்தையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் விடுகிறார்கள். அந்தச் செய்தி கொடுப்பவரிடம் மட்டும் போவதில்லை. சாப்பிட வருபவரும் அதே ஊர்க் குழுவில் இருக்கிறார். மாலைக்குள் அது ராமநாதபுரத்துக்கும் திருவாரூருக்கும் போய்விடும். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புபவர், தங்கை கல்யாணத்தை நடத்தி வைத்தவர், வேலை இல்லாத நாலு நாள் இங்கே சாப்பிட்டதற்காகத் தன் ஊரிலேயே ஏழையாகிவிடுகிறார். அதன் பிறகு அவர் வரமாட்டார். அறையில் குப்பூஸும் தேநீருமாக ஓட்டிவிடுவார். யாருக்காக அரிசி சேர்த்தோமோ அவரையே அந்த வாசகம் வாசலில் நிறுத்திவிடுகிறது.

‘உருக்கமாக எழுதாவிட்டால் யார் கொடுப்பார்கள்?’ என்று என்னிடம் வாதாடுபவர்கள் கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கட்டும். தேரா லூத்தா பள்ளிவாசலில் ரமலான் தோறும் தமிழர்கள் நோன்புக் கஞ்சி கொடுக்கிறார்கள். கடை முதலாளியும் கட்டட வேலைக்காரரும் ஒரே விரிப்பில் உட்காருகிறார்கள். அழைப்பு நோன்பு திறக்கத்தானே தவிர ஏழைகளுக்கென்று இல்லை. ஜெபல் அலியில் 2012இல் திறந்த குருத்வாராவின் லங்கரிலும் வரிசையில் உட்காருபவரை யாரென்று கேட்பதில்லை. நம் ஊரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய வடலூர் தருமசாலைக்கு இன்றும் அரிசி வந்துகொண்டிருக்கிறது. அங்கெல்லாம் உண்பவர் முகத்தைக் காட்டியா கேட்கிறார்கள்? அடுப்பு எரிய வேண்டும் என்ற எண்ணமே கொடுக்க வைக்கிறது. இரக்கத்தில் கொடுப்பவர் ஒருமுறை கொடுப்பார். ‘இது நம் அடுப்பு’ என்று நினைப்பவர் மாதாமாதம் கொடுப்பார்.

அதனால் வாசகம் உலையிலிருந்து தொடங்க வேண்டும். உடலுழைப்பு செய்பவருக்கு ஒரு வேளைக்கு 200 கிராம் அரிசி என்று வைத்தால் நூறு பேருக்கு 20 கிலோ, அதாவது இங்கே கடையில் கிடைக்கும் ஒரு மூட்டை. ‘ஒரு மூட்டை பொன்னிப் புழுங்கலரிசி, நூறு பேரின் மதியச் சோறு. வியாழனுக்கு இரண்டு மூட்டை தேவை’ என்று எழுதினால் போதும். ரகத்தைச் சொல்லாமல் வெறும் ‘அரிசி தாருங்கள்’ என்றால் பாசுமதி இரண்டு கிலோ, மட்டை ஐந்து கிலோ, பச்சரிசி ஒரு கிலோ என்று வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரும் வேகும் நேரமும் வேறு. ஒரே அண்டாவில் போட்டால் பாதி குழைந்து பாதி விதையாக நிற்கும். தனித்தனியாக வைத்தால் இந்த வெயிலில் வண்டு விழும். ‘பிரிக்காத மூட்டை, காலாவதித் தேதி தெரிய வேண்டும்’ என்பதையும் எழுதிவிடுங்கள். வருபவரை மதிப்பது நல்ல சோறு போடுவதிலிருந்துதான் தொடங்குகிறது.

கொடுத்தது எங்கே போனது என்று கேட்க கொடுப்பவருக்கு உரிமை உண்டு. அதற்கு மூட்டைகளின் படமும், வந்த அரிசி எவ்வளவு, உலையில் போட்டது எவ்வளவு என்ற கணக்கும் போதும். சம்மதமில்லாமல் ஒருவரைப் படமெடுத்துப் பரப்புவது அமீரகத்தில் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். சம்பளம் நின்றுபோன கொடுமையை மறைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். மறைக்க வேண்டாம், ஆனால் அது மனிதவள அமைச்சகத்தில் புகாராகப் போக வேண்டியது. அரிசி கேட்கும் வரியில் அதைச் சேர்த்தால் சம்பளமும் வராது, ஆளும் அடையாளம் தெரிந்து மாட்டிக்கொள்வார்.

அனுமதி விஷயத்தில் விவாதமே கிடையாது. 2021ஆம் ஆண்டு நன்கொடைச் சட்டம் பணத்தோடு பொருளுக்கும் பொருந்தும். உரிமம் பெற்ற அமைப்பு வழியாகத்தான் திரட்ட முடியும். எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும் தனியாள் குழுவில் கேட்கக் கூடாது. அந்த அமைப்பின் பெயரும் அனுமதி எண்ணும் வாசகத்திலேயே இருக்கட்டும்.

ரமலானில் கேட்காமலே வரும். குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் போய்விடும் ஜூலை, ஆகஸ்டில்தான் அரிசிக்குத் தட்டுப்பாடு வரும். தொழிலாளர்களோ இங்கேயேதான் இருப்பார்கள். விமானம் ஏறும் முன், உரிமம் உள்ள ஒரு சமையற்கூடத்தில் ஒரு மூட்டை இறக்கிவிட்டுப் போங்கள்.