கூட்டமும் லாபமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ விலைக்கு எடுக்க நினைக்கும் மளிகைக் கடையின் சாயங்காலக் கூட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். கடைக்காரர் உன்னிடம் காட்டிய நோட்டையும் அனுப்பியிருந்தாய். கூட்டத்தைவிட அந்த நோட்டு நிறையப் பேசுகிறது.

போன வருஷம் வரை அவருடைய மாத விற்பனை 6 லட்சம். சரக்கின் அடக்கவிலை 5,40,000. மிச்சம் 60,000, அதுதான் மொத்த லாபம். வாடகை 18,000, ஓர் ஆள் சம்பளம் 12,000, கரண்ட் 6,000, கடன் வட்டி 5,000, வண்டிக்கூலி, பை வகையறா 3,000. எல்லாம் போக நிகர லாபம் 16,000.

பிறகுதான் தெருமுனையில் புதுக் கடை வந்திருக்கிறது. இவரும் விட்டுக்கொடுக்காமல் நூற்றுக்கு 2 ரூபாய் தள்ளுபடி என்று போர்டு வைத்தார். கூட்டம் கூடியது உண்மை. பழைய விலைக்கு 7,50,000 ரூபாய் பெறும் சரக்கு மாதாமாதம் போகிறது. தள்ளுபடி போகக் கல்லாவுக்கு வருவது 7,35,000. அதன் அடக்கவிலை 6,75,000. கழித்துப் பார், அதே 60,000!

நூற்றுக்கு 2 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அது அவருக்கு நின்ற 10 ரூபாயிலிருந்து போன 2 ரூபாய். அதை ஈடுகட்டவே கால் பங்கு சரக்கு கூடுதலாக விற்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க இன்னொரு ஆள், இன்னொரு 12,000. ஆக நிகர லாபம் 4,000. காலையிலிருந்து இரவு வரை கடையில் நிற்கும் அவருக்கும் அவர் மனைவிக்கும் இந்தக் கணக்கில் சம்பளமே இல்லை. அதையும் எழுதினால் கடை நஷ்டத்தில் ஓடுகிறது.

பாவம், ஏமாற்றுக்காரர் இல்லை. கல்லாவை மட்டும் பார்த்துப் பழகியவர். கல்லாவில் விழும் நூறில் தொண்ணூற்றுச் சொச்சம் மொத்த வியாபாரிக்குப் போக வேண்டியது.

பெரிய கடைகளுக்கும் மளிகையில் இடைவெளி குறுகல்தான். டி-மார்ட்டை நடத்தும் நிறுவனம் 2023-24இல் 50,000 கோடி ரூபாய்க்கு மேல் விற்றது. நிகர லாபம் 2,500 கோடியை ஒட்டி, அதாவது நூற்றுக்கு 5 ரூபாய். ஆனால் அவர்கள் பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிறார்கள். நம்மவருக்கு மாதம் பிறந்தால் வாடகை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மாத ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கடைச் சரக்கை நீயே எண்ணி அடக்கவிலையில் மதிப்புப் போடு. ஆரம்ப இருப்போடு கொள்முதல் பில்களைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழி. வருவதுதான் விற்ற சரக்கின் அடக்கம். எலி கடித்ததும் தேதி முடிந்ததும் கடைசி இருப்பில் சேரக் கூடாது. விற்பனையிலிருந்து இந்த அடக்கத்தைக் கழித்தால் மேலே சொன்ன 60,000 தேறுகிறதா என்று பார். தேறினாலும் கடன் நோட்டையும் கேள். ஊருக்குள் நின்றுபோன பாக்கியையும் விற்பனையாக எழுதி வைத்திருக்கலாம்.

அந்த இரண்டு எண்ணிக்கையையும் எனக்கு அனுப்பு. அதுவரை அட்வான்ஸ் பேச்சை எடுக்காதே.

அன்புடன்,
மாமா