விருந்தினர் தொடர்பு அலுவலர் நேர்முகத் தேர்வு: ஐந்து கேள்விகளும் மாதிரிப் பதில்களும்



நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குத் தெருமுனையில் இட்லிக் கடை. இன்டர்வியூவுக்கு எப்படிப் போக வேண்டும், என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. அதனால் முதல் இன்டர்வியூவில் நன்றாக அடி வாங்கினேன். அந்த அனுபவத்தை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஜி.ஆர்.ஓ. வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஜி.ஆர்.ஓ. என்றால் விருந்தினர் தொடர்பு அலுவலர். நான் ஒரு வாரம் ஆங்கிலப் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எதிரில் இருந்த மேனேஜர், "நான்தான் கெஸ்ட். காலையில வந்துட்டேன், ரூம் ரெடியில்ல. என்ன பண்ணுவீங்க? தமிழ்லயே சொல்லுங்க" என்றார். நான் "சாரி சார், அஞ்சு நிமிஷத்துல ரெடியாயிடும் சார்" என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அஞ்சு நிமிஷம்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?"

என்னிடம் பதில் இல்லை. வேலையும் இல்லை.

பிறகு தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் முன் அலுவலக மேனேஜர் மேடம் ஒருவர், ஓய்வு நேரத்தில் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கினார். அவர் கேட்டவற்றில் ஐந்தை இங்கே தருகிறேன். பதில்கள் தமிழில் இருக்கின்றன. இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்தாலும் முதலில் தமிழில் விஷயம் தெளிவாக இருந்தால்தான் எந்த மொழியிலும் சொல்ல வரும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

கேள்வி 1: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

பெயர், ஊர், மதிப்பெண் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும் பயோடேட்டாவிலேயே இருக்கிறது. அதையே திரும்ப ஒப்பிக்க வேண்டாம். இந்த வேலைக்குப் பொருந்துகிற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.

மாதிரிப் பதில்: "ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ முடிக்கப் போகிறேன் சார். பள்ளிக்கூட நாளிலிருந்து அம்மாவின் இட்லிக் கடையில் காலை நேரத்தில் நிற்பேன். ஒரே நேரத்தில் பத்துப் பேர் தட்டு கேட்பார்கள். யார் முதலில் வந்தார், யார் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர் என்று பார்த்துக் கொடுக்கப் பழகியிருக்கிறேன். தாமதமாகும் என்றால் எவ்வளவு நேரம் என்று முன்பே சொல்லிவிடுவேன்."

இட்லிக் கடையைச் சொல்ல எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. மேடம்தான், "அதுதான் உன் அனுபவம், அதை ஏன் மறைக்கிறே?" என்றார். உங்கள் வீட்டில் மளிகைக் கடை, டெய்லர் கடை, ஆட்டோ எது இருந்தாலும் அதில் விருந்தாளியைச் சமாளித்த அனுபவம் ஒன்று கட்டாயம் இருக்கும். உண்மையாக இருக்கட்டும். அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

கேள்வி 2: ரிசப்ஷனிஸ்ட்டுக்கும் ஜி.ஆர்.ஓ.வுக்கும் என்ன வித்தியாசம்?

மாதிரிப் பதில்: "ரிசப்ஷனிஸ்ட் கவுன்டருக்குள் இருந்து பதிவு, சாவி, பில் ஆகியவற்றைப் பார்ப்பார். ஜி.ஆர்.ஓ. பெரும்பாலும் லாபியில் இருப்பார். யார் வரப்போகிறார்கள் என்ற பட்டியலைக் காலையிலேயே பார்த்து, முக்கிய விருந்தினர், திரும்பத் திரும்ப வருபவர், முதியவர், குழந்தையோடு வருபவர் யார் என்று குறித்துக்கொள்வார். அவர்களுக்கான அறையை முன்கூட்டியே சரிபார்ப்பார். புகார் வந்தால் அந்தந்தப் பிரிவுக்குச் சொல்லி, வேலை முடிந்ததா என்று பார்த்து, விருந்தினரிடம் திரும்பச் சொல்வார்."

கடைசி வரிதான் முக்கியம். புகாரை வாங்கிக்கொள்ள யாராலும் முடியும். முடிந்ததா என்று பார்ப்பது இந்த வேலை.

கேள்வி 3: காலையில் வந்த விருந்தினருக்கு அறை தயாராக இல்லை. என்ன செய்வீர்கள்?

என்னைக் கவிழ்த்த கேள்வி இது. மேடம் இதையே விவரமாகக் கட்டித் தந்தார். நேரம் காலை 9.40. ஹோட்டலில் செக்-இன் பகல் 12 மணி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ராத்திரி ரயிலில் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒதுக்கிய 312-ஆம் அறையில் பழைய விருந்தினர் இன்னும் காலி செய்யவில்லை. நேற்று ஹோட்டல் முழுக்க நிறைந்திருந்தது. கணவர் கவுன்டரில் சத்தம் போடுகிறார்.

நான் "மன்னிப்புக் கேட்பேன், ஜூஸ் கொடுப்பேன்" என்று ஆரம்பித்தேன். மேடம் நிறுத்தினார். "அவருக்கு ஏன் இப்பவே ரூம் வேணும்னு கேட்டியா?" நான் கேட்கவில்லை. அதன் பிறகுதான் சொன்னார், அவர்களுக்குப் பத்தரைக்கு முகூர்த்தம், மண்டபம் ஐந்து நிமிட தூரம். அதாவது அந்தக் குடும்பத்துக்கு அந்த நிமிஷத்தில் வேண்டியது கட்டில் அல்ல. குளித்து உடை மாற்ற ஓர் இடம்.

மாதிரிப் பதில்: "முதலில் அவர்களைக் கவுன்டரிலிருந்து தள்ளி லாபியில் உட்கார வைத்து, குறுக்கே பேசாமல் கேட்பேன். 'ராத்திரி பூரா பயணம் பண்ணி வந்திருக்கீங்க, ரூம் இல்லைன்னா கோபம் வரத்தான் செய்யும். இப்ப உடனே எங்கேயாவது போகணுமா சார்?' என்று கேட்பேன். முகூர்த்தம் என்று தெரிந்ததும் ஹவுஸ்கீப்பிங்குக்குப் போன் செய்து, எந்த அறை காலியானது, எப்போது தயாராகும் என்று கேட்பேன். 308 காலியாகிவிட்டது, சுத்தம் செய்ய 40 நிமிடம் ஆகும் என்கிறார்கள். அப்படியானால் 10.20 ஆகிவிடும். முகூர்த்தத்துக்கு அது உதவாது. அதனால், 'ஹெல்த் கிளப்பில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியலறை இருக்கு. டவல், சோப்போடு இப்பவே ஏற்பாடு பண்றேன். பெட்டிகளை டேக் போட்டு பெல் டெஸ்க்கில் வைக்கிறோம். பத்தேகாலுக்கு வாசலில் வண்டி நிற்கும். நீங்க திரும்பி வரும்போது 308 தயாரா இருக்கும்' என்று சொல்வேன். டியூட்டி மேனேஜருக்குத் தெரிவிப்பேன். முன்கூட்டி அறை கொடுப்பதற்கான கட்டணத்தைத் தள்ளுவதோ, பெரிய அறை தருவதோ அவர் அதிகாரம். நானாக வாக்குக் கொடுக்க மாட்டேன். லாக் புக்கில் எழுதுவேன். 308-ஐ நானே போய்ப் பார்ப்பேன். அவர்கள் வந்து அறைக்குப் போன கொஞ்ச நேரத்தில் போன் செய்து, எல்லாம் சரியா என்று கேட்பேன்."

இந்தப் பதிலில் கவனியுங்கள், சொன்ன ஒவ்வொரு நேரமும் ஒருவரிடம் கேட்டுச் சொன்ன நேரம். நான் முதல் இன்டர்வியூவில் சொன்ன ஐந்து நிமிடம் என் வாயிலிருந்து வந்தது. ஆறாவது நிமிடத்தில் அந்த விருந்தினரின் கோபம் இரண்டு மடங்காகியிருக்கும், அடுத்து நான் எதைச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். அந்த மேனேஜர் பார்த்தது அதைத்தான்.

இன்னொன்று. "அது ஹவுஸ்கீப்பிங் தப்பு சார்" என்று சொல்லவே கூடாது. விருந்தினருக்கு ஹோட்டல் ஒன்றுதான். இன்டர்வியூவில் இப்படிச் சொன்னால், நாளைக்குக் கூட வேலை செய்பவர்களைக் காட்டிக் கொடுப்பார் என்று குறித்துக்கொள்வார்கள்.

கேள்வி 4: ஒருவர் வந்து, "என் தங்கச்சி இங்கே தங்கியிருக்காங்க, ரூம் நம்பர் சொல்லுங்க" என்கிறார். சொல்வீர்களா?

இது பொறி. உதவும் மனசு உள்ளவர்கள்தான் இதில் விழுவார்கள்.

மாதிரிப் பதில்: "சொல்ல மாட்டேன் சார். அந்தப் பெயரில் ஒருவர் தங்கியிருக்கிறார் என்பதைக்கூட நானாக உறுதி செய்ய மாட்டேன். 'உங்க பெயரைச் சொல்லுங்க சார், விசாரிச்சுச் சொல்றேன், கொஞ்சம் உட்காருங்க' என்பேன். அவர் காதில் விழாதபடி உள்ளிருந்து அறைக்குப் போன் செய்து, இன்னார் வந்திருக்கிறார், பேச விருப்பமா என்று கேட்பேன். சரி என்றால் இணைப்புக் கொடுப்பேன், அல்லது அவரே லாபிக்கு வருவார். வேண்டாம் என்றாலோ, போனை எடுக்காவிட்டாலோ, 'தகவல் எழுதிக் கொடுங்க சார், அப்படி ஒருவர் இருந்தால் சேர்த்துவிடுவோம்' என்பேன்."

உடனே அடுத்த கேள்வி வரும். "நான் அவ புருஷன், இதோ கல்யாண போட்டோ. இப்பவாவது சொல்வீங்களா?" பதில் மாறவே கூடாது. வீட்டில் சண்டை போட்டுப் பயந்து வந்து தங்கியிருக்கும் பெண்ணாகவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது. அந்த அறையில் இருப்பவர்தான் நம் விருந்தினர், முடிவு அவருடையது. அவர் மிரட்டினாலோ போக மறுத்தாலோ செக்யூரிட்டிக்கும் டியூட்டி மேனேஜருக்கும் சொல்ல வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் செக்-இன் நேரத்தில் அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல், சாவி உறையில் எழுதிக் காட்டுகிறார்கள்.

கேள்வி 5: நைட் ஷிப்ட் பார்ப்பீர்களா?

பெண் பிள்ளைகளிடம் கட்டாயம் கேட்கிறார்கள். பயத்தில் "எதுவானாலும் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு வீட்டில் விடாமல் ஒரு மாதத்தில் நின்றவர்களை எனக்குத் தெரியும். முதலில் வீட்டில் பேசிவிட்டுப் போங்கள்.

மாதிரிப் பதில்: "பார்ப்பேன் சார், வீட்டில் பேசிவிட்டேன். மாதத்தில் எத்தனை நாள் நைட் வரும், வண்டி வீட்டு வாசல் வரை வருமா, அந்த ஷிப்ட்டில் கூட இன்னொரு பெண் ஊழியர் இருப்பாரா என்று தெரிந்தால், அப்பாவுக்குச் சொல்ல வசதியாக இருக்கும்."

கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்று நினைத்தேன். ஆனால் இரண்டாவது இன்டர்வியூவில் இதைக் கேட்டபோது, அந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். அங்கேயும் அறை தயாராக இல்லாத கேள்வி வந்தது. நான் வாயைத் திறந்ததும், "நீங்க இப்ப எங்கேயாவது கிளம்பணுமா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஆமாம்மா, பத்து மணிக்கு கோர்ட்டுல இருக்கணும்" என்றார். அதற்கு மேல் எனக்கு வழி தெரிந்திருந்தது.

பரீட்சை முடிந்ததும் டிரெயினியாக வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். மண்டபத்துக்குப் பதில் கோர்ட், ஆஸ்பத்திரி, பரீட்சை என்று உங்களுக்கு எதை வைத்துக் கேட்டாலும் கணக்கு அதேதான். இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள், நேரத்தை உரியவரிடம் விசாரித்துச் சொல்லுங்கள், சொன்னது நடந்ததா என்று போய்ப் பாருங்கள். நண்பர்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கோபக்கார விருந்தினராக நடித்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள். நான் அம்மாவை விருந்தினராக்கி ஒத்திகை பார்த்தேன். அவர் என்னைவிட நன்றாகச் சண்டை போட்டார்.