கம்பெனி ஸ்லைடிலிருந்து ஒப்பீட்டுத் தாள்: சொன்னதை மட்டும் எழுதுவோம்

பில்லிங் சாப்ட்வேர் விற்கும் கம்பெனிகள் இப்போது மொத்த வியாபாரிகளைத் தேடி வருகின்றன. தம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு அவர்கள் எடுத்துச் சொன்னால் விற்பனை சுலபம் என்பது கணக்கு. கம்பெனி தருவது பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுகள். அதை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. அந்தத் தாளில் நாம் ஒரு சொல்லைக் கூட்டி எழுதினால், நாளை கடைக்காரர் கேள்வி கேட்பது கம்பெனியை அல்ல, நம்மைத்தான். சரக்குப் பாக்கியும் அதோடு சிக்கிக்கொள்ளும்.

உதாரணத்துக்கு ஒரு கம்பெனியின் ஸ்லைடுகளை எடுத்துக்கொள்வோம். திட்டங்கள் மூன்று. 4-ஆவது ஸ்லைடில், தொடக்கம் மாதம் ரூ.250, வளர்ச்சி மாதம் ரூ.450, முழுமை மாதம் "ரூ.800 முதல்". அடியில் பொடி எழுத்தில் "ஆண்டுச் சந்தா அடிப்படையில். வரி தனி." 6-ஆவது ஸ்லைடில் வசதிகளின் அட்டவணை. 9-ஆவதில் "இலவசப் பயிற்சி உண்டு". 11-ஆவதில் "விரைவில் எடைத் தராசு இணைப்பு".

முதலில் விலை. "மாதம் ரூ.250" என்று மட்டும் எழுதினால், ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று கடைக்காரர் நினைப்பார். எனவே பொடி எழுத்தும் விலையோடு அதே வரியில் வரவேண்டும். ஆண்டுக்கு ரூ.3,000 என்று பெருக்கிக் காட்டலாம். ஆனால் அது நாம் போட்ட கணக்கு என்று குறிப்பிட வேண்டும். முழுமைத் திட்டத்துக்கு ரூ.9,600 என்று எழுதக்கூடாது, "ரூ.9,600 முதல்" என்றே எழுதவேண்டும். வரி எத்தனை சதவீதம், பணத்தை ஒரே தவணையில் கட்டவேண்டுமா என்பவை ஸ்லைடில் இல்லை. நமக்குத் தெரிந்திருந்தாலும் ஸ்லைடு சொன்னதாக அதை எழுதலாகாது.

அடுத்தது வெற்றுக் கட்டம். அதிகத் தவறு நடப்பது இங்கேதான். கடன் பேரேட்டு வசதிக்கு நேரே வளர்ச்சியிலும் முழுமையிலும் டிக் இருக்கிறது. தொடக்கத்தில் கட்டம் காலி. பெருக்கல் குறி இருந்தால் "இல்லை" என்று எழுதலாம். காலியாக இருந்தால் "சொல்லப்படவில்லை" என்பதே சரி. அச்சில் விட்டுப்போயிருக்கவும் கூடும். "இல்லை" என்று எழுதிவிட்டால், ரூ.250 போதுமானவரை ரூ.450-க்குத் தள்ளியவர்கள் ஆவோம்.

மூன்றாவது, நட்சத்திரக் குறி. முழுமைத் திட்டத்தில் கல்லாக்கள் "வரம்பில்லை" என்று போட்டு ஒரு நட்சத்திரம். அதன் விளக்கம் கடைசி ஸ்லைடில், "நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டது" என்று இருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதவேண்டும். அதுபோல "விரைவில்" என்பதை "உண்டு" என்று ஆக்கக்கூடாது. பயிற்சி எந்தத் திட்டத்துக்கு என்று ஸ்லைடு சொல்லாதபோது, மூன்றுக்கும் பயிற்சி என்று நிரப்பக்கூடாது. "சிறந்த திட்டம்", "அதிகம் விரும்பப்படுவது" போன்ற புகழ்ச்சிகள் ஒப்பீடு ஆகா, அவற்றை விட்டுவிடலாம்.

தாள் இப்படி அமையும்:

விலை (ஸ்லைடு 4): தொடக்கம் மாதம் ரூ.250, வளர்ச்சி மாதம் ரூ.450, முழுமை மாதம் ரூ.800 முதல். மூன்றும் ஆண்டுச் சந்தா அடிப்படையில், வரி தனி.
ஓராண்டுக்கு (நம் கணக்கு, வரி சேராமல்): ரூ.3,000, ரூ.5,400, ரூ.9,600 முதல்.
கல்லாக்கள் (ஸ்லைடு 6, 12): 1, 3, வரம்பில்லை, நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டது.
கடன் பேரேடு (ஸ்லைடு 6): சொல்லப்படவில்லை, உண்டு, உண்டு.
பயிற்சி (ஸ்லைடு 9): இலவசம், எந்தத் திட்டத்துக்கு என்று சொல்லப்படவில்லை.
தராசு இணைப்பு (ஸ்லைடு 11): விரைவில், தேதி சொல்லப்படவில்லை.

தாளின் தலைப்பில் ஸ்லைடுகளின் தேதியைப் போடவேண்டும். ஸ்லைடில் தேதி இல்லாவிட்டால், அவை நம் கைக்கு வந்த தேதியைப் போடலாம். விலை மாறினால் எந்தத் தாள் பழையது என்று அதை வைத்துத்தான் தெரியும்.

எழுதி முடித்ததும், அதை எழுதாத ஒருவரிடம் தாளையும் ஸ்லைடுகளையும் கொடுத்து, வரி வரியாகத் தேடிப் பார்க்கச் சொல்லவேண்டும். ஸ்லைடில் கிடைக்காத சொல்லை அடித்துவிடவேண்டும். பிறகு "சொல்லப்படவில்லை" என்று வந்தவற்றைக் கேள்விகளாக எழுதிக் கம்பெனிக்கு அனுப்பலாம். விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்லும் பதில் போதாது. எழுத்தில் வந்தால், "கம்பெனி எழுத்தில் தெரிவித்தது" என்று தேதியுடன் தாளின் அடியில் தனியாகச் சேர்க்கலாம்.

எந்தத் திட்டம் நல்லது என்று இந்தத் தாள் சொல்லாது. கடைக்காரர் நம் யோசனையைக் கேட்டால், அவர் கடையில் எத்தனை கல்லா, எவ்வளவு கடன் வியாபாரம் என்று விசாரித்து நேரில் சொல்லலாம். அது நம் யோசனை. தாளில் இருப்பது கம்பெனியின் வாக்கு. இரண்டையும் கலக்காதிருந்தால், பின்னால் வம்பு வந்தாலும் யார் சொன்னது எது என்பதற்குத் தாளே சாட்சி.