கேள்வி இல்லாமல் வந்த சர்வே கோப்பு: முதலில் எதைப் பார்ப்பது?

"சர்வே முடிஞ்சிடுச்சு, கோப்பை அனுப்பியிருக்கோம், பார்த்து ஏதாவது சொல்லுங்க" என்ற ஒற்றை வரியோடு எக்செல் கோப்பு வந்து சேர்வது தொண்டு நிறுவனங்களிலும் கல்லூரித் துறைகளிலும் வழக்கம்தான். எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தெரிந்தால், அதற்கு வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் சரிபார்த்தால் போதும். அது தெரியாதபோது எந்த வரிசை யாருக்கு எப்போது தேவைப்படும் என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. ஆகவே இந்தக் கட்டத்தில் எதையும் அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். சந்தேகத்துக்கு உரியதை அடையாளம் மட்டும் போடுங்கள். மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு முன்னால், அது எப்படிப் பதிவானது என்று பார்த்துவிட வேண்டும்.

ஓர் உதாரணத்தோடு போவோம். ஒரு நகரத்தின் குடிநீர் சர்வே. களப்பணியாளர்கள் கைப்பேசியில் கோபோ டூல்பாக்ஸ் படிவத்தை நிரப்பியது. 1,200 வரிசைகள் என்று வைத்துக்கொள்வோம்.

மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து, முதல் நெடுவரிசையில் 1 முதல் 1,200 வரை வரிசை எண் இடுங்கள். எப்படி மாற்றி அடுக்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்ப அது வேண்டும். பிறகு வினாத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வராமல் அடுத்த படிகளைச் செய்ய முடியாது. வினாத்தாளை வைத்து முதலில் தீர்க்க வேண்டியது, ஒரு வரிசை என்பது ஒரு வீடா, ஓர் ஆளா என்பது. ஆளுக்கு ஒரு வரிசை என்றால் ஒரே கைப்பேசி எண் நான்கு முறை வருவது இயல்பு. வீட்டுக்கு ஒரு வரிசை என்றால் அதே நான்கும் விசாரிக்க வேண்டியவை.

நம் கோப்பில் வீட்டுக்கு ஒரு வரிசை. இரட்டிப்பைத் தேடப் பெயரை நம்பாதீர்கள். "எஸ். முருகன்" ஒரு வரிசையிலும் "முருகன் எஸ்" இன்னொன்றிலும் இருப்பார், லட்சுமி மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். தெருவையும் கதவு எண்ணையும் சேர்த்து எண்ணுங்கள். தெரு C-யிலும் கதவு எண் D-யிலும் இருந்தால்:

```
=COUNTIFS($C$2:$C$1201,C2,$D$2:$D$1201,D2)
```

ஒன்றுக்கு மேல் காட்டும் வரிசைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். `_uuid` உட்பட எல்லாமே ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் கோப்புகளை ஒன்றுசேர்த்தபோது ஒரே பதிவு இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கும். விலாசம் ஒன்று, பதில்கள் வேறு, தேதியும் வேறு என்றால் இருவர் ஒரே வீட்டுக்குப் போயிருக்கலாம். அல்லது கீழே ஒரு குடும்பமும் மாடியில் ஒரு குடும்பமும் ஒரே கதவு எண்ணில் குடியிருக்கலாம். இரண்டாவது காரணம் நம் ஊர்களில் சாதாரணம். அழிக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

விலாசம் வேறு, பதில்கள் மட்டும் அச்சு அசலாக ஒன்று என்பது இன்னொரு வகை. வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்த இடத்தில் நிரப்பினாலும் இப்படி வரும். ஆனால் அவசரப்பட்டு யார் மீதும் பழி போடக் கூடாது. 85 சதவீதத்துக்கு மேல் பதில்கள் ஒத்துப்போனால் சந்தேகப்படலாம் என்று ஆய்வாளர்கள் குரியகோஸும் ராபின்ஸும் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். பியூ ஆய்வு மையம் 2016-இல் அதை மறுத்தது. கேள்விகள் குறைவாக இருந்தாலோ, மக்கள் ஒரே மாதிரி வாழ்ந்தாலோ நேர்மையான சர்வேயிலும் அவ்வளவு ஒற்றுமை வரும் என்பது அதன் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஒரே தெருவில் ஒரே குழாயை நம்பி இருப்பவர்கள் வேறு வேறாக என்ன சொல்லிவிட முடியும்? ஒத்த வரிசைகள் ஒரே களப்பணியாளரிடம், அதுவும் சில நிமிட இடைவெளியில் குவிந்தால்தான் கவலைப்பட வேண்டும். `start`, `end` என்ற நெடுவரிசைகளில் அந்த நேரம் பதிவாகியிருக்கும்.

அடுத்தது வெற்றிடம். இதில்தான் அதிகம் தவறுகிறார்கள், அதனால் ஒரு நெடுவரிசையை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். "வீட்டில் குழாய் இணைப்பு உண்டா?" என்பதற்கு 780 பேர் உண்டு, 420 பேர் இல்லை. அடுத்த கேள்வி, "எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது?" இணைப்பு உள்ளவர்களிடம் மட்டும் கேட்க வேண்டியது. இதில் 451 கட்டங்கள் காலி. 420 காலியாகத்தான் இருக்க வேண்டும், ஆக விடுபட்டது 31 என்று கழித்துவிடத் தோன்றும். அது தப்புக் கணக்கு. இரண்டு கேள்விகளையும் பிவட் டேபிளில் குறுக்காக வைத்தால், இல்லை என்றவர்களில் 9 பேருக்குப் பதில் நிரம்பியிருக்கிறது. எனவே நியாயமான வெற்றிடம் 411. இணைப்பு இருந்தும் பதில் இல்லாதவர்கள் 40 பேர்.

இந்த 40-ஐத் தேதிவாரியாக அடுக்கினால் 33 வரிசைகள் சர்வேயின் முதல் இரண்டு நாளில் விழுகின்றன. படிவத்தில் அந்தக் கேள்வியைப் பதில் இல்லாமல் தாண்ட முடியாதபடி பிறகு மாற்றியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்; படிவத்தின் பதிப்பு `__version__` நெடுவரிசையில் இருக்கும், பார்த்து உறுதிசெய்யுங்கள். மிச்சம் 7 மட்டுமே உண்மையில் தனித்தனியாக விடுபட்டவை. அந்த 9 பேரோ வேறு கதை: பொதுக்குழாய் அட்டவணையைச் சொல்லியிருக்கலாம், முதல் பதிலே தவறாகவும் இருக்கலாம். கோப்பை வைத்து இதைத் தீர்க்க முடியாது, களத்தில் கேட்க வேண்டும்.

காலியாகத் தெரியாத வெற்றிடமும் உண்டு. தெரியாது என்பதற்கு 98, சொல்ல மறுத்தால் 99 என்று குறியீடு வைப்பது வழக்கம். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால், குடும்பத்தில் 99 பேர் என்று கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு எண் நெடுவரிசையிலும் மிகப் பெரிய ஐந்து மதிப்புகளையும் மிகச் சிறிய ஐந்தையும் கண்ணால் பாருங்கள்.

கடைசியாக, ஒரு பக்கம் சாய்ந்த பதில்கள். இதற்கு நல்ல நுழைவாயில் வயது. பிறந்த தேதி நினைவில்லாதவர் 40, 45 என்று 0 அல்லது 5-இல் முடியும் எண்ணாகச் சொல்வார். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்தக் குவிப்பு உண்டு. இதை அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0 அல்லது 5-இல் முடியும் வயதினரை எண்ணி, மொத்தத்தால் வகுத்து, 500-ஆல் பெருக்க வேண்டும். வயது F-இல் இருந்தால்:

```
=500*SUMPRODUCT((F2:F1201>=23)*(F2:F1201<=62)*(MOD(F2:F1201,5)=0))/COUNTIFS(F2:F1201,">=23",F2:F1201,"<=62")
```

`#VALUE!` என்று வந்தால், வயதுக் கட்டத்தில் எங்கோ எழுத்து கலந்திருக்கிறது. குவிப்பே இல்லையென்றால் விடை 100-ஐ ஒட்டி வரும். எல்லோருமே 0, 5 சொன்னால் 500. நம் கோப்பில் அந்த வயது வரம்பில் 900 பேர், அவர்களில் 306 பேர் 0 அல்லது 5, விடை 170. ஐ.நா. அளவுகோலில் 125-இலிருந்து 175 வரை சுமாரான தரம்தான்.

இந்த ஓர் எண்ணோடு நிற்காமல் களப்பணியாளர்வாரியாகப் பிரியுங்கள். ஒருவருடைய 60 பேரில் 12 பேர் 0 அல்லது 5 என்றால் குறியீடு 100. இன்னொருவருடைய 60 பேரில் 36 பேர் என்றால் 300. முதலாமவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து எழுதியிருப்பார், இரண்டாமவர் முகத்தைப் பார்த்து மதிப்பிட்டிருப்பார். இருவரும் வேறு வேறு பகுதிகளில் வேலை செய்திருந்தால் அதுவும் காரணமாகலாம். 20, 30 பேரை மட்டும் வைத்து இந்தக் குறியீட்டைப் போடாதீர்கள், தற்செயலாகவே தாறுமாறாக ஏறி இறங்கும்.

திருப்திக் கேள்விகளிலும் இதையே செய்யுங்கள். ஊர் முழுக்க "திருப்தி" என்றால் அது மக்களின் கருத்தாக இருக்கலாம். ஒருவருடைய வரிசைகளில் மட்டும் பத்துக் கேள்விக்கும் "திருப்தி" என்றால், கேள்விகளை வாசித்தாரா என்று கேட்க வேண்டும். வருமானம் வலப்பக்கம் நீண்டு சாய்வதோ இயல்பானது. சராசரியை விட்டு இடைநிலையைப் பாருங்கள், போதும்.

அடையாளமிட்ட வரிசை எண்களையும் அவற்றுக்கான கேள்விகளையும் ஒரே பக்கத்தில் எழுதி, களப் பொறுப்பாளருக்கு உடனே அனுப்புங்கள். தற்காலிகமாகச் சேர்ந்த களப்பணியாளர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டால், அந்த 9 வீடுகளைப் பற்றிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.